இன்டர்வியூவுக்கு இங்கிலீஷ்: ஒரு க்யூசி-க்கு ஆப் தேர்ந்தெடுத்த கதை

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஆறு வருடமாக க்யூசி, அதாவது சரக்கின் தரம் பார்க்கும் வேலை, பார்ப்பவர் அவர். வயது 31. பள்ளி முழுக்கத் தமிழ் மீடியம், கல்லூரியில் பி.காம்., அதற்குப் பிறகு செக்கிங்கில் சேர்ந்து படிப்படியாக க்யூசி ஆனவர். அடுத்து, வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்காக ஆர்டர் கொடுத்துச் சரக்கைச் சரிபார்க்கும் ஒரு பையிங் ஆபீஸில் குவாலிட்டி ஆடிட்டராகப் போக வேண்டும் என்று பார்க்கிறார். வேலை அவருக்கு அத்துப்படி, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த இடங்களில் இன்டர்வியூ முழுக்க இங்கிலீஷில்தான் நடக்கிறது, முதல் ரவுண்டு போனில். இரண்டு இடத்தில் போனிலேயே கதை முடிந்துவிட்டது.

வேலை மாறுபவர்களுக்கு இன்டர்வியூ பயிற்சி கொடுப்பது என் தொழில். ஒரு நண்பர் சொல்லி என்னிடம் வந்தார். வந்ததும் கேட்டது இதுதான்: "அண்ணா, கிராமர் புக்கெல்லாம் வேண்டாங்க. கேட்டா பதில் சொல்லோணும், அவ்ளோதான். எந்த ஆப் போடட்டுங்க?"

அவர் போனில் ஏற்கெனவே ஒரு ஆப் இருந்தது. பெயர் வேண்டாம், எல்லோருக்கும் தெரிந்த வகைதான். பல மாதமாக ஒரு நாள்கூட விடாமல் செய்திருக்கிறார், ஸ்ட்ரீக் எண் பெரிதாக மின்னுகிறது. அதைப் பார்த்து நான் கேலி செய்யவில்லை, வேலை முடிந்து ராத்திரி பத்து மணிக்கு வீட்டுக்கு வந்து அதைத் திறக்கிற மனிதரிடம் ஒழுக்கம் இல்லை என்று சொல்ல முடியாது. குறை வேறு எங்கோ இருந்தது. அதைக் கண்டுபிடிக்காமல் இன்னொரு ஆப் பெயரைச் சொல்லி அனுப்பினால் அதிலும் ஒரு ஸ்ட்ரீக் வளரும், அவ்வளவுதான்.

முதலில் செய்தது ஒலிப்பதிவு. போனில் இருக்கும் சாதாரண ரெக்கார்டரைப் போட்டு, "டெல் மி அபௌட் யுவர்செல்ஃப்" என்று கேட்டு, இரண்டு நிமிடம் தயாரிப்பு இல்லாமல் பேசச் சொன்னேன். முடிந்ததும் அதே கேள்வியைத் தமிழில் கேட்டு இன்னொரு பதிவு. தமிழில் எடுக்கும் பதிவைப் பெரும்பாலானவர்கள் விட்டுவிடுகிறார்கள், எனக்கோ அது இல்லாமல் எதையும் முடிவு செய்ய வராது. தமிழிலேயே ஒருவருக்குத் தன்னைப் பற்றி ஒரு நிமிடத்துக்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லையென்றால் அது இங்கிலீஷ் பிரச்சினை இல்லை, அவர் இன்னும் பதிலையே யோசிக்கவில்லை. அவருக்கு எந்த ஆப்பும் உதவாது, ஒரு பேப்பரும் பேனாவும் போதும்.

இவர் அப்படி இல்லை. தமிழில் இரண்டு நிமிடமும் தடங்கலே இல்லாமல் போனது. இங்கிலீஷில் எண்பது சொச்சம் வார்த்தைகள்தான் வந்தன, மீதி நேரம் மௌனமும் "அது வந்து"வும். அந்தப் பதிவைத் திரும்பப் போட்டு, எங்கெல்லாம் நிற்கிறார் என்று எழுதிப் பார்த்தோம். நிற்பது தப்பில்லை. நன்றாகப் பேசுகிறவர்களும் நிற்பார்கள், ஆனால் ஒரு வாக்கியம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் நிற்பார்கள். இவர் நின்றது வாக்கியத்துக்கு நடுவில், அதிலும் பெரும்பாலும் வினைச்சொல் வர வேண்டிய இடத்தில்.

சரி, தொழிலைப் பற்றிக் கேட்போம் என்று, ஒரு லாட்டில் எவ்வளவு குறை வரை ஏற்கலாம் என்று சொல்லும் அளவுகோலை எடுத்து, "ஏக்யூஎல் 2.5 என்றால் என்ன?" என்று இங்கிலீஷில் கேட்டேன். பதில்: "த்ரீ தௌசண்ட் பீஸ் ஆர்டர் சார்... ஒன் ட்வென்டி ஃபைவ் பீஸ்... மேஜர் செவன் பாஸ், எய்ட்... ஃபெயில் சார்." விஷயம் துல்லியம். 3000 பீஸ் லாட்டுக்கு வழக்கமான லெவல் டூ ஆய்வில் 125 பீஸ் எடுக்க வேண்டும், மேஜர் குறை ஏழு வரை ஏற்கலாம், எட்டு ஆனால் லாட் நிராகரிப்பு. அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் ஒரு வினைச்சொல்கூட இல்லை.

அவருக்கு வினைச்சொற்கள் தெரியாதா என்றால், அதுவும் இல்லை. தினமும் லைனில் அவர் பேசுவதைக் கேளுங்கள்: செக் பண்ணினேன், ஹோல்டு பண்ணச் சொன்னேன், ரிஜெக்ட் பண்ணிட்டாங்க, இன்ஃபார்ம் பண்ணுவோம். செக், ஹோல்டு, ரிஜெக்ட், இன்ஃபார்ம், அப்ரூவ், எல்லாமே வாயில் இருக்கின்றன. ஆனால் காலம், ஆள், எண் எல்லாவற்றையும் 'பண்ணு' என்ற தமிழ் வினைதான் சுமக்கிறது, இங்கிலீஷ் வார்த்தை சும்மா முன்னால் உட்கார்ந்திருக்கிறது. இங்கிலீஷில் பேசும்போது 'பண்ணு' போய்விடுகிறது, அதோடு வாக்கியத்தின் முதுகெலும்பும் போய்விடுகிறது. ஆக அவருக்குத் தேவை புது வார்த்தைகள் இல்லை. ஏற்கெனவே கையில் இருக்கும் ஒரு முப்பது வினைகளை, எழுவாயோடும் காலத்தோடும் சேர்த்து, யோசிக்காமல் வாயில் வரவைக்க வேண்டும். அதுவும் அவருடைய வேலையைப் பற்றிய பேச்சில் வர வேண்டும்.

இப்படி நோயைக் கண்டுபிடித்த பிறகுதான் ஆப் பேச்சு.

நான் ஆப்பை எடைபோடுவதற்கு மூன்று கேள்விகள் வைத்திருக்கிறேன். ஸ்டார் ரேட்டிங், டவுன்லோடு எண்ணிக்கை எதையும் பார்ப்பதில்லை. முதல் கேள்வி: பத்து நிமிடம் இதைப் பயன்படுத்தினால், திரையில் எழுதியில்லாத வாக்கியத்தை வாய் எத்தனை நிமிடம் சொல்கிறது? இரண்டாவது: என்னுடைய கேள்வியை, என் வேலையைப் பற்றிய பேச்சை இதற்குள் கொண்டுவர முடியுமா? மூன்றாவது: நான் சொன்னதைக் கேட்டு இது அடுத்த கேள்வி கேட்குமா?

முதல் கேள்வியிலேயே கடைச் சரக்கில் பாதி விழுந்துவிடும். வார்த்தைகளைத் தட்டி வாக்கியம் அமைப்பது, படத்துக்குப் பொருத்துவது, விட்ட இடத்தை நிரப்புவது, இதெல்லாம் அடையாளம் காணும் திறமை. சரியான விடை கண்முன்னால் இருக்கிறது, தேர்ந்தெடுத்தால் போதும். இன்டர்வியூவில் கண்முன்னால் ஒன்றும் இருக்காது. பேச்சுப் பயிற்சி என்று அந்த ஆப்களில் வருவதும் பெரும்பாலும் திரையில் உள்ள வாக்கியத்தை உரக்கப் படிப்பதுதான், படிப்பது பேசுவதாகாது. டுவோலிங்கோவில் 'இப்போது பேச முடியாது' என்ற பொத்தான் உண்டு, தட்டினால் பேச வேண்டிய பயிற்சிகளைக் கொஞ்ச நேரம் தவிர்த்துவிடலாம். பஸ்ஸில் போகிறவருக்கு வசதிதான். ஆனால் இன்டர்வியூவுக்குத் தயாராகிறவர் தன் பழைய ஆப்பில் இந்த மாதிரிப் பொத்தானை எத்தனை முறை தட்டினார் என்று நேர்மையாக யோசித்துப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். நம்மவர் சிரித்துவிட்டார். வீட்டில் குழந்தை தூங்கும், மனைவி பக்கத்தில் இருப்பார், கூச்சம். அதனால் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறார்.

அடுத்த வகை உச்சரிப்பு ஆப்கள். எல்சா ஸ்பீக் இதில் பெயர் பெற்றது. வாக்கியத்தைச் சொன்னால் ஒவ்வொரு ஒலிக்கும் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் காட்டும். வேலை நுட்பமானதுதான், ஆனால் அதன் அளவுகோல் அடிப்படையில் அமெரிக்க உச்சரிப்பு. பையிங் ஆபீஸில் இவரை இன்டர்வியூ எடுக்கப்போவது பெரும்பாலும் பெங்களூர்க்காரரோ டெல்லிக்காரரோ. 'ட' ஒலியை நாக்கை மடித்துச் சொன்னால் அவர்களுக்கு ஒன்றும் ஆகாது, அவர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். அதற்குச் சிவப்பு வாங்கி, அதைப் பச்சையாக்க ஒரு வாரம் போராடுவது வீண். தவிர, இதுவும் திரையில் உள்ளதைப் படிப்பதுதான்.

மூன்றாவது, இயந்திரத்தோடு உரையாடும் வகை. ஸ்பீக் என்ற ஆப், டுவோலிங்கோவின் விலை கூடிய திட்டத்தில் 2024இல் வந்த வீடியோ கால், இப்படிச் சில. என் முதல் கேள்விக்கும் மூன்றாவது கேள்விக்கும் இவை ஓரளவு தேறும், வாய் பேசுகிறது, அடுத்த கேள்வியும் வருகிறது. கூச்சப்படுகிறவருக்கு ஆரம்ப வாரங்களில் நல்ல துணை. எனக்கு இருக்கும் தயக்கம் வேறு: அது ரொம்பப் பொறுமைசாலி. அரைகுறை வாக்கியத்தையும் புரிந்துகொண்டு "நல்லது, மேலே சொல்லுங்கள்" என்கிறது, குறுக்கே பேசாது, "புரியவில்லை" என்று முகத்தைச் சுளிக்காது. "ஒன் ட்வென்டி ஃபைவ் பீஸ், செவன் பாஸ்" என்று சொன்னால் அதற்கும் தலையாட்டும். வினைச்சொல் இல்லாமலேயே காலம் தள்ளலாம் என்றால் நம்மவர் வினைச்சொல்லைத் தேடவே மாட்டார்.

மொழிப் பரிமாற்ற ஆப்கள், ஹலோடாக், டேண்டம் மாதிரி, இலவசம். உங்கள் மொழியைக் கற்க விரும்பும் இங்கிலீஷ்காரர் கிடைத்தால் ஆளுக்குப் பாதி நேரம் பேசலாம் என்பது ஏற்பாடு. தமிழ் கற்க வரிசையில் நிற்கும் இங்கிலீஷ்காரர் எத்தனை பேர் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

மிச்சம் இருப்பது மனிதரோடு நேரடியாகப் பேச வைக்கும் தளங்கள்: இடாக்கி, ப்ரெப்ளி, கேம்ப்லி. கேம்ப்லியில் இங்கிலீஷைத் தாய்மொழியாகக் கொண்டவர்களோடு பேச வைப்பதுதான் முக்கிய விற்பனைப் பேச்சு, வகுப்பு பதிவாவதால் திரும்பப் பார்க்கலாம் என்பது அதன் பெரிய வசதி. இடாக்கியிலும் ப்ரெப்ளியிலும் ஆசிரியர்களே விலை வைக்கிறார்கள், நாடு, விலை, என்ன சொல்லித் தருவார் என்றெல்லாம் வடிகட்டித் தேடலாம். இடாக்கியில் பயிற்சி பெற்ற ஆசிரியர், சும்மா பேச்சுத்துணை என்று இரண்டு பிரிவு இருக்கிறது, இரண்டாவது பொதுவாக மலிவு.

முடிவாக, ஆறு வாரத்துக்கு என்று எடுத்தது இது. தினப் பயிற்சிக்குக் காசே இல்லாத இரண்டு சாமான்: போனில் உள்ள ரெக்கார்டர், கீபோர்டில் உள்ள வாய்ஸ் டைப்பிங். வாரம் இரண்டு முறை அரை மணி நேரம் ஒரு மனிதர், மேலே சொன்ன மாதிரித் தளம் ஒன்றின் வழியாக. பழைய ஆப்பை அழிக்கச் சொல்லவில்லை, ஆனால் இந்த ஆறு வாரத்துக்கு அதைப் பயிற்சிக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்றேன்.

ஆளைத் தேர்ந்தெடுப்பதில் கொஞ்சம் விலாவாரியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பணம் போவதும் பலன் வருவதும் இங்கேதான். அமெரிக்கர், பிரிட்டிஷ்காரர் வேண்டாம் என்று முதலிலேயே முடிவு செய்தோம். இந்தியாவில் இருப்பவர், ஆனால் தமிழ் தெரியாதவர். தமிழ் தெரிந்தால், நம்மவர் முட்டும்போது தமிழுக்குத் தாவிவிடுவார், ஆசிரியரும் தாவ விட்டுவிடுவார். முடிந்தால் ஏதாவது ஒரு அலுவலகத்தில் ஆள் எடுத்த அனுபவம் இருக்க வேண்டும். சோதனை வகுப்பில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் பார்க்கச் சொன்னேன்: யார் அதிக நேரம் பேசினார்கள்? முதல் சோதனை வகுப்பில் ஆசிரியை ரொம்ப அன்பானவர், வகுப்பில் முக்கால்வாசி நேரம் பிரசென்ட் பெர்ஃபெக்ட் விளக்கினார். நம்மவருக்குப் பிடித்துப் போயிற்று, "நல்லாச் சொல்லித் தராங்கண்ணா" என்றார். அதுதான் சிக்கல், நன்றாகச் சொல்லித் தரும் வகுப்பில் நாம் வாய் திறப்பதில்லை. அவரை விட்டுவிட்டு, புனேயில் இருந்து பேசும், முன்பு எச்.ஆரில் இருந்த ஒருவரை எடுத்தோம். அரை மணிக்கு 400 ரூபாய்க்குள் முடிந்தது. வகுப்புக்கு முன்பே அவருக்கு ஒரு செய்தி அனுப்பினோம்: இலக்கணம் விளக்க வேண்டாம், இந்தப் பட்டியலில் இருந்து கேள்வி கேளுங்கள், நடுவில் குறுக்கிடுங்கள், கடைசி ஐந்து நிமிடத்தில் மூன்று பிழைகளை மட்டும் சொல்லுங்கள். இப்படி எழுதி அனுப்பினால் பெரும்பாலான ஆசிரியர்கள் சந்தோஷப்படுகிறார்கள், அவர்களுக்கும் தயாரிப்பு மிச்சம்.

பட்டியலில் பன்னிரண்டு கேள்விகள். அவருக்கு ஏற்கெனவே நடந்த போன் ரவுண்டுகளில் கேட்டது, நண்பர்களிடம் கேட்டது, இதிலிருந்து எடுத்தோம். உன்னைப் பற்றிச் சொல், ஏன் மாறுகிறாய், ஒரு ஷிப்மென்ட்டை நிறுத்திய சம்பவம் சொல், புரொடக்ஷன் மேனேஜர் ஒத்துக்கொள்ளாவிட்டால் என்ன செய்வாய், இன்லைன் இன்ஸ்பெக்ஷன் எப்படி எடுப்பாய், நோட்டீஸ் பீரியட், எதிர்பார்க்கும் சம்பளம் என்று போகும். ஒவ்வொன்றுக்கும் ஒரு அட்டை, அதில் முழு வாக்கியம் எழுதக் கூடாது, ஐந்தாறு சொற்கள் மட்டும். ஷிப்மென்ட் சம்பவத்துக்கான அட்டையில் இருந்தது: இரண்டு டையிங் லாட், பாடி–ஸ்லீவ் ஷேடு, லைட் பாக்ஸ், பண்டில் பிரிப்பு, ரீகட், இரண்டு நாள்.

அந்தச் சம்பவம் நல்ல சம்பவம். கட்டிங்கில் இரண்டு டையிங் லாட் துணி கலந்துவிட, பாடி ஒரு ஷேடு, கை ஒரு ஷேடு என்று தைத்து வந்திருக்கிறது. ட்யூப் லைட் வெளிச்சத்தில் தெரியவில்லை, நிறம் பார்க்கும் விளக்குப் பெட்டியான லைட் பாக்ஸில் வைத்துப் பார்த்து இவர்தான் பிடித்திருக்கிறார். லைனை நிறுத்தி, பண்டில் எண்ணை வைத்து லாட்வாரியாகப் பிரித்து, கலந்தவற்றுக்குக் கை மட்டும் மறுபடி வெட்டி, இரண்டு நாள் தாமதத்தோடு அனுப்பியிருக்கிறார்கள். குவாலிட்டி வேலைக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது. ஆனால் இதை இங்கிலீஷில் அவர் முதல் முறை சொன்னபோது "ஷேடு ப்ராப்ளம் சார், ஐ செக், ரீகட், ஷிப்மென்ட் ஓகே" என்று பத்து விநாடியில் தீர்ந்துவிட்டது.

தினப் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டது 4/3/2 என்ற பழைய வகுப்பறை முறை, மாரிஸ் என்பவர் 1983இல் எழுதியது, பின்னர் பால் நேஷன் அதைப் பரவலாக்கினார். ஒரே விஷயத்தை முதலில் நான்கு நிமிடம் ஒருவரிடம், அடுத்து மூன்று நிமிடம் இன்னொருவரிடம், கடைசியாக இரண்டு நிமிடம் வேறொருவரிடம் சொல்வது. விஷயம் மாறாது, நேரம் மட்டும் குறையும். என்ன சொல்வது என்று யோசிக்கிற வேலை முதல் முறையிலேயே முடிந்துவிடுவதால், அடுத்த முறைகளில் மூளைக்கு எப்படிச் சொல்வது என்ற ஒரே வேலைதான். இன்டர்வியூ பதில் அவ்வளவு நீளம் போகக் கூடாது என்பதால் நாங்கள் மூன்று, இரண்டு, ஒன்றரை நிமிடம் என்று குறைத்துக்கொண்டோம். ஆளுக்கு எங்கே போவது? முதலாவது ரெக்கார்டர், இரண்டாவது வாய்ஸ் டைப்பிங், மூன்றாவது வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜாக எனக்கோ அவர் நண்பருக்கோ. ஒரு நாளைக்கு ஒரு அட்டை, மிஞ்சினால் இரண்டு. மொட்டை மாடியில் நடந்துகொண்டே பேசுவார், கூச்சத்துக்கு அது நல்ல மருந்தாக இருந்தது.

"தினம் புது டாபிக் பேசினாத்தானே வளரும்?" என்று கேட்பவர்கள் உண்டு. டி யோங், பெர்ஃபெட்டி இருவரும் 2011இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் பார்த்தது. ஒரே தலைப்பைத் திரும்பத் திரும்பப் பேசியவர்களும், ஒவ்வொரு முறையும் புதுத் தலைப்பு பேசியவர்களும் பயிற்சி நடக்கும்போது சரளமானார்கள். ஆனால் பின்னர் புதுத் தலைப்பில் பேசச் சொன்னபோது, திரும்பப் பேசியவர்களிடம்தான் அந்தச் சரளம் தங்கியிருந்தது. ஆகையால் சலிப்பாக இருந்தாலும் அதே ஷேடு கதைதான், திரும்பவும் ஷேடு கதைதான்.

இதில் ஒரு பள்ளம் இருக்கிறது, நாங்கள் அதில் விழுந்தோம். மூன்றாவது வாரம் பதிவுகளைக் கேட்டால் வேகம் வந்திருக்கிறது, மௌனம் குறைந்திருக்கிறது, ஆனால் "ஐ செக் தி பண்டில்ஸ், ஐ ஃபைண்ட் டூ லாட்ஸ்" என்று பழைய கதை முழுக்க நிகழ்காலத்தில், மூன்று முறையும் எழுத்துக்கு எழுத்து அதே பிழை. முறையின் குணமே அது. ஃபிராங்க் போயர்ஸ் 2014இல் இதைச் சுட்டிக்காட்டினார், நேர நெருக்கடியில் திரும்பச் சொல்லும்போது ஆள் தன் பழைய வாக்கியத்தையே பிடித்துக்கொள்கிறார், பிழையும் கூடவே பதிந்துவிடுகிறது. திருத்தம் செய்ய வேண்டிய இடம் இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில். அங்கே நிறுத்தி, பதிவைக் கேட்டு, ஒரே ஒரு பிழையை மட்டும் எடுத்து, அந்த வாக்கியத்தைச் சரியாக நாலைந்து முறை சொல்லிவிட்டு மூன்றாவதுக்குப் போக வேண்டும்.

இலக்கணம் வேண்டாம் என்று வந்தவருக்கு நான் கொடுத்த ஒரே இலக்கணம் இதுதான், அவருடைய முப்பது வினைகளின் இறந்தகாலம். செக்ட், ஃபவுண்ட், ஸ்டாப்ட், செப்பரேட்டட், இன்ஃபார்ம்ட், ரீகட். இன்டர்வியூவில் கதை சொன்னால் இறந்தகாலம் வந்துதான் ஆக வேண்டும், நிகழ்காலத்தில் சொன்னால் கேட்பவருக்கு அது நடந்த விஷயமா, வழக்கமாகச் செய்வதா என்று புரியாது. "சின்ஸ் சிக்ஸ் இயர்ஸ்" என்பதை நான் திருத்தவே இல்லை. தப்புதான், ஆனால் நாட்டில் பாதிப் பேர் அப்படித்தான் சொல்கிறார்கள், எல்லோருக்கும் புரிகிறது.

வாய்ஸ் டைப்பிங்கை எதற்காக வைத்தோம் என்று சொல்ல வேண்டும். மொழியை இங்கிலீஷ், இந்தியா என்று அமைத்துக்கொண்டு பேசினால், அது நம் ஊர் உச்சரிப்புக்குப் பழக்கப்பட்டது, சின்னச் சின்னப் பிசிறுகளை மன்னித்துவிடும். அப்படியும் அது தப்பாக எழுதினால், போனில் கேட்பவருக்கும் அது தப்பாகக் கேட்க வாய்ப்பு அதிகம் என்று எடுத்துக்கொள்ளலாம். இவருக்கு இரண்டு இடத்தில்தான் அது தடுமாறியது. ஒன்று, 'பேக்'. மூட்டையா பேக்கிங்கா என்று குழம்பியது, b–p, g–k வேறுபாடு தமிழ் எழுத்தில் இல்லாததால் நம்மில் பலருக்கும் வருவதுதான். இரண்டாவது முக்கியமானது: இறந்தகாலத்தின் கடைசி ஒலி. 'செக்ட்' என்று மனதில் நினைத்து 'செக்' என்று வாயால் விடுவார். திரையில் நிகழ்காலம் விழும். அதாவது அவருடைய இலக்கணப் பிழை என்று நாங்கள் எண்ணியதில் ஒரு பகுதி இலக்கணமே இல்லை, வார்த்தைக் கடைசியில் இரண்டு மெய் சேர்ந்து வந்தால் நாக்கு நழுவுகிறது. 'செக்டு' என்று உகரம் சேர்த்துச் சொன்னாலும் பரவாயில்லை, விழுங்கிவிடாதே என்றேன். கூடவே ஒரு எச்சரிக்கை: வாய்ஸ் டைப்பிங் முன்பின் வார்த்தைகளைப் பார்த்து ஊகித்தும் எழுதும். அது சரியாக எழுதிவிட்டது என்பதால் நாம் சரியாகச் சொன்னோம் என்று ஆகாது. தப்பாக எழுதியதை மட்டும் சாட்சியாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

நான்காவது வாரத்தில் திடீரென்று பிரமாதமாகப் பேச ஆரம்பித்தார். எனக்குச் சந்தேகம் வந்தது. வாக்கியங்கள் சீராக, ஒரே ராகத்தில், மூச்சு விடாமல் வருகின்றன, எங்கும் யோசிக்கிற இடைவெளியே இல்லை. புனேக்காரர் நடுவில் "எந்த லாட்?" என்று இரண்டே வார்த்தை கேட்டார், அவ்வளவுதான், எல்லாம் நின்றுவிட்டது. திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தார். விசாரித்தால், பன்னிரண்டு பதில்களையும் அக்கா மகனை வைத்து எழுதி வாங்கி மனப்பாடம் செய்திருக்கிறார். இன்டர்வியூ எடுப்பவருக்கு இது உடனே தெரியும், அவர்கள் இதற்காகவே குறுக்கே கேட்பார்கள். நோட்டை என்னிடம் வாங்கி வைத்துக்கொண்டேன். அதன்பிறகு அட்டையை நடுவிலிருந்து தொடங்கச் சொன்னோம், இன்றைக்கு லைட் பாக்ஸிலிருந்து ஆரம்பி, நாளைக்குத் தாமதத்திலிருந்து ஆரம்பி என்று. மனப்பாடம் செய்த பதிலை நடுவிலிருந்து சொல்ல முடியாது, தெரிந்த விஷயத்தைச் சொல்லலாம்.

போன் ரவுண்டுக்கு என்று தனியாக ஒன்று செய்தோம். நண்பர் ஒருவர் புது எண்ணிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் கூப்பிடுவார், கம்பெனி வாசலில் தையல் மெஷின் சத்தம் கேட்கும் இடத்தில் நிற்கும்போதுகூட. முதலில் பழகியது பதில் இல்லை, "ஸாரி, குட் யூ ரிப்பீட் தி கொஸ்டின்?", "கேன் ஐ மூவ் டு எ கொயட் ப்ளேஸ்?" என்ற இரண்டு வரிகள். முன்பு போனில் தோற்றதற்குப் பெரிய காரணம், கேள்வி சரியாகக் கேட்காமலே "எஸ் சார்" என்று சொல்லிவிட்டதுதான் என்று அப்போதுதான் தெரிந்தது. இதை எந்த ஆப்பும் கண்டுபிடித்திருக்காது.

காசு விஷயத்தில் ஒரு குறிப்பு. இலவசச் சோதனை என்று சேரும்போது யூபிஐ ஆட்டோபே அனுமதி கேட்கும். ஆப்பை போனிலிருந்து நீக்கினால் சந்தா நிற்காது, பிளே ஸ்டோரில் சந்தாக்கள் பகுதிக்குப் போய்த் தனியாக ரத்து செய்ய வேண்டும். பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பு அறிவிப்பு வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி, அந்த எஸ்எம்எஸ்-ஐப் படிக்காமல் ஒதுக்கினால் வருடச் சந்தா ஒரே அடியாகப் போய்விடும். ஆறு வாரத் தேவைக்கு வருடத் திட்டம் எடுக்கவே வேண்டாம், தள்ளுபடி எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும்.

ஆறாவது வாரம் அதே கேள்வியோடு அதே இரண்டு நிமிடப் பதிவு. வார்த்தைகள் முன்பைவிட இரண்டு மடங்கு இருந்தன. அதைவிட எனக்குப் பிடித்தது, நிறுத்தங்கள் இடம் மாறியிருந்தன, வாக்கியத்தின் கடைசிக்குப் போயிருந்தன. அடுத்து வந்த போன் ரவுண்டில் தேறினார். நேர்முகத்தில் ஷேடு கதையை நன்றாகச் சொல்லியிருக்கிறார், பிறகு தொழிலாளர் நலன், சோஷியல் ஆடிட் பக்கம் கேள்வி போயிருக்கிறது, அட்டையில் இல்லாத விஷயம், பழைய தடுமாற்றம் திரும்ப வந்துவிட்டது. அந்த வேலை கிடைக்கவில்லை. அதற்கு ஒரு அட்டை சேர்த்தோம். அடுத்து ஒரு சின்ன பையிங் ஆபீஸில் கிடைத்தது. இன்றைக்கும் அரசியலோ சினிமாவோ இங்கிலீஷில் பேசச் சொன்னால் திணறுவார். அந்த அளவுக்குத்தான் நாங்கள் செய்தோம், அவர் கேட்டதும் அதுதான்.

இதைப் படித்துவிட்டு எல்லோரும் உச்சரிப்பு ஆப்பைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். பிபிஓ வாய்ஸ் வேலைக்குப் போகிறவர் என்றால் கணக்கே மாறும். அங்கே பல கம்பெனிகளில் மனிதரைப் பார்ப்பதற்கு முன்பே வெர்ஸண்ட் மாதிரி ஒரு தானியங்கிப் பேச்சுத் தேர்வு இருக்கும். வாக்கியத்தைப் படி, கேட்டதை அப்படியே திரும்பச் சொல், சிதறிய சொற்களை வாக்கியமாக்கு, கேட்ட கதையைத் திரும்பச் சொல் என்று போகும், மதிப்பெண் போடுவது இயந்திரம். அவருக்கு நான் எல்சா மாதிரி ஒன்றை ஒரு மாதத்துக்குக் காசு கொடுத்தே எடுக்கச் சொல்வேன். கூடவே பிபிசி லேர்னிங் இங்கிலீஷின் ஆறு நிமிட ஆடியோவை வாக்கியம் வாக்கியமாக நிறுத்தி, எழுத்தைப் பார்க்காமல் திரும்பச் சொல்லும் பயிற்சி. வாரம் இரண்டு நாள் ஆசிரியர் அவருக்கு அந்தத் தேர்வு முடிந்த பிறகு வந்தால் போதும்.